பரவலும் வினையும் தனித்தனியே: லீ பிரிப்பா, ஸ்ட்ராங் பிரிப்பா, பிரிக்காமலே விடுவதா?

ஒரு பொருள் இடம்விட்டு இடம் பரவுகிறது. பரவும்போதே வினைபுரிந்து குறைகிறது அல்லது பெருகுகிறது. இதற்கான சமன்பாட்டை u_t = D u_xx + f(u) என்று எழுதுவோம்; u செறிவு, D பரவல் கெழு, f(u) வினை. இதைக் கணினியில் தீர்க்கும்போது பரவலையும் வினையையும் ஒரே மூச்சில் தீர்ப்பது சிரமம். பரவல் எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கிறது, ஆனால் நேரியல். அதற்கு வேகமான தீர்வுமுறைகள் கைவசம் உண்டு. வினை நேரியல் அல்ல, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி. பக்கத்துப் புள்ளியைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் h நீளமுள்ள காலப்படியில் முதலில் பரவலை மட்டும் ஓட்டி, கிடைத்த விடையிலிருந்து வினையை மட்டும் ஓட்டிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கேள்வி, அதற்கு என்ன விலை என்பது. பரவலையும் வினையையும் தனித்தனியே துல்லியமாகத் தீர்த்தாலும், சேர்ந்து நடப்பதை அடுத்தடுத்து நடப்பதாக மாற்றியதில் ஒரு பிழை வருகிறது. அதுதான் பிரிப்புப் பிழை. ஒன்றை முழுப்படி ஓட்டி, அடுத்து மற்றதை முழுப்படி ஓட்டும் எளிய லீ பிரிப்பில் அது h-க்கு நேர்விகிதம். ஸ்ட்ராங் பிரிப்பில் h²-க்கு. h-இன் இந்த அடுக்கைத்தான் முறையின் வரிசை என்கிறோம். 1968-இல் கில்பர்ட் ஸ்ட்ராங் முன்வைத்த திருத்தம் மிகச் சிறியது: ஒன்றை அரைப்படி, மற்றதை முழுப்படி, மீண்டும் முதலாவதை அரைப்படி. இவ்வளவு சின்ன மாற்றத்தால் ஒரு வரிசை முழுதாக ஏறுவது ஏன் என்று புரிந்தால், எங்கே அது ஏறாது என்பதும் புரியும்.

இரண்டு பெட்டிகள்

கையால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு பெட்டிகள். இரண்டுக்கும் இடையே பரவல் வீதம் 1. முதல் பெட்டியில் மட்டும் பொருள் சிதைகிறது, அதன் வீதமும் 1. தொடக்கத்தில் முதல் பெட்டியில் 1 அளவு பொருள், இரண்டாவது காலி. T = 1 வரை ஓட்ட வேண்டும்.

பரவலின் அணி A = [[−1, 1], [1, −1]]. வினையின் அணி B = [[−1, 0], [0, 0]]. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் T = 1-இல் முதல் பெட்டியில் 0.24143, இரண்டாவதில் 0.27261 இருக்க வேண்டும். இது பிரிக்காத, சரியான விடை.

பிரித்தால், பரவல் மட்டும் நடக்கும்போது இரண்டு பெட்டிகளின் வித்தியாசம் e^(−2h) மடங்காகச் சுருங்கும், கூட்டுத்தொகை மாறாது. வினை மட்டும் நடக்கும்போது முதல் பெட்டி e^(−h) மடங்காகும். இரண்டும் துல்லியமான விடைகளே. ஆகவே மிஞ்சும் பிழை முழுவதும் பிரிப்பின் பிழைதான். வேறு எதன் மேலும் பழிபோட முடியாது.

```python
import numpy as np
def D(u, h):
    m = (u[0] + u[1]) / 2
    d = (u[0] - u[1]) / 2 * np.exp(-2*h)
    return np.array([m + d, m - d])
def R(u, h):
    return np.array([u[0] * np.exp(-h), u[1]])
for n in (10, 20):
    h = 1 / n
    a = b = np.array([1.0, 0.0])
    for _ in range(n):
        a = R(D(a, h), h)              # Lie
        b = D(R(D(b, h/2), h), h/2)    # Strang
    print(n, a, b)
```

இரண்டாம் பெட்டியில் கிடைப்பது இது:

| h | லீ | லீயின் பிழை | ஸ்ட்ராங் | ஸ்ட்ராங்கின் பிழை |
|---|---|---|---|---|
| 0.1 | 0.2865 | 0.0139 | 0.27287 | 0.00026 |
| 0.05 | 0.2795 | 0.0069 | 0.27267 | 0.000065 |

படியைப் பாதியாக்கினால் லீயின் பிழை பாதியாகிறது, ஸ்ட்ராங்கின் பிழை கால்வாசியாகிறது. h = 0.1-இலேயே ஸ்ட்ராங் ஐம்பது மடங்கு துல்லியம்.

வரிசை எங்கிருந்து வருகிறது

டெய்லர் தொடரை h² வரை விரித்தால் போதும். சேர்த்து நடத்தினால் h² உறுப்பு ½(A² + AB + BA + B²). இதில் AB, BA இரண்டும் சமப் பங்கில் வருவதைக் கவனியுங்கள்: வினைக்குப் பின் பரவலும், பரவலுக்குப் பின் வினையும் ஒரே அளவு நடக்கின்றன. முதலில் பரவல், பிறகு வினை என்ற லீ பிரிப்பில் அதே உறுப்பு ½(A² + 2BA + B²). BA இரட்டிப்பாகிவிட்டது, AB காணாமல் போய்விட்டது. வித்தியாசம் ½h²(BA − AB). ஒரு படிக்கு h² அளவு பிழை. மொத்தம் T/h படிகள். கடைசியில் மிஞ்சுவது h.

ஸ்ட்ராங்கில் வினையின் இரு பக்கமும் பாதிப் பாதிப் பரவல். முன்னால் இருக்கும் பாதியிலிருந்து ½BA, பின்னால் இருக்கும் பாதியிலிருந்து ½AB. இரண்டும் சமமாகிவிட்டன, h² உறுப்பில் குறையே இல்லை. பிழை h³-இல் தொடங்குகிறது, படிகளைக் கூட்டினால் h². அரைப்படி என்பது நுணுக்கமான தந்திரம் ஒன்றும் இல்லை. எது முன், எது பின் என்ற ஓரவஞ்சனையை நீக்குகிறது, அவ்வளவே.

AB − BA என்பதைக் கம்யூட்டேட்டர் என்பார்கள். நம் பெட்டிகளில் அது [[0, 1], [−1, 0]]. இது பூஜ்யமாக இருந்தால் பிரிப்புப் பிழையே கிடையாது. சிதைவு வீதம் இரண்டு பெட்டியிலும் ஒன்றாக இருந்திருந்தால் B ஓர் அலகு அணியின் மடங்காகியிருக்கும். எதை முன்னால் ஓட்டினாலும் ஒரே விடை வந்திருக்கும்.

நேரியல் அல்லாத வினைக்கும் இதே கணக்குதான். அங்கே கம்யூட்டேட்டர் D f''(u) (u_x)² என்று வருகிறது. இந்தச் சின்னக் கோவை நிறையச் சொல்கிறது. வினை நேரியலாகவும் எல்லா இடத்திலும் ஒரே வீதமாகவும் இருந்தால் f'' பூஜ்யம், பிழை இல்லை. செறிவு சமதளமாக இருக்கும் இடத்தில் u_x பூஜ்யம், பிழை இல்லை. பிழை முழுவதும் செங்குத்தான முகப்பில்தான் உட்கார்ந்திருக்கும். ஃபிஷர் சமன்பாட்டில் f = r u(1 − u), ஆக f'' = −2r. முகப்பின் அகலம் √(D/r) அளவில் இருப்பதால் (u_x)² ஏறத்தாழ r/D-இன் ஒரு சிறு பங்கு. பெருக்கினால் D அடிபட்டுப் போகிறது, மிஞ்சுவது r². அதாவது முகப்பு உருவான பிறகு, படியின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டியது rh மட்டுமே. பரவல் கெழுவை நூறு மடங்கு கூட்டினாலும் பிரிப்புப் பிழை கூடாது. D பெரிது, அதனால் h-ஐக் குறைக்க வேண்டும் என்ற பழக்கம் வெளிப்படை முறைகளின் நிலைப்புத்தன்மைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. பிரிப்புக்கு அதைக் கொண்டுவர வேண்டாம்.

லீயும் ஸ்ட்ராங்கும் உண்மையில் எவ்வளவு தூரம்?

அட்டவணையைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு குலம் போலத் தெரியும். ஆனால் ஸ்ட்ராங்கின் பத்துப் படிகளை அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒரு படியின் கடைசி அரைப் பரவலும் அடுத்த படியின் முதல் அரைப் பரவலும் ஒட்டி முழுப் பரவலாகிவிடும். நடுவில் இருப்பது அச்சு அசலாக லீ. தொடக்கத்தில் ஓர் அரைப்படி, முடிவில் ஓர் அரைப்படி, இவைதான் வித்தியாசம். பரவலை முதலில் ஓட்டும் லீ, தொடக்கத்தில் அரைப்படி பரவலை அதிகமாகச் செய்துவிடுகிறது. சிதைய வேண்டிய பொருள் சிதையும் முன்பே இரண்டாம் பெட்டிக்குத் தப்பிவிடுகிறது. அட்டவணையில் லீயின் விடை எப்போதும் மேலே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலிருந்து இரண்டு நடைமுறைச் செய்திகள்.

முதலாவது, செலவு. படி நீளம் மாறாமல், ஒவ்வொரு படியிலும் விடையை எழுதத் தேவையில்லாமல் இருந்தால், ஒட்டிய அரைப்படிகளைச் சேர்த்துவிடலாம். அப்போது ஆயிரம் படி ஸ்ட்ராங்குக்கு ஆயிரம் படி லீயைவிட ஒரே ஒரு துணைப்படிதான் அதிகம். ஆனால் இந்தச் சேர்ப்பு பரவலைத் துல்லியமாகத் தீர்த்தால் மட்டுமே சரி. பின்னோக்கு ஆய்லர் முறையில் இரண்டு அரைப்படிகள் ஒரு முழுப்படிக்குச் சமமாகாது. சேர்த்தால் வேறொரு முறையைத்தான் ஓட்டுகிறீர்கள்.

இரண்டாவது, நீண்டகால நடத்தை. தொடக்கமும் முடிவும் மட்டுமே வேறு என்பதால், லீயும் ஸ்ட்ராங்கும் ஒரே ஐகன் மதிப்புகளைத் தருகின்றன. பயண அலை இருந்தால் ஒரே வேகத்தைத் தருகின்றன. ஃபிஷர் முகப்பின் வேகம் 2√(rD) தானா என்று பார்ப்பது மட்டுமே வேலை என்றால் ஸ்ட்ராங்கால் லாபம் எதுவும் இல்லை. முகப்பின் வடிவமும் துல்லியமான இருப்பிடமும் வேண்டும் என்றால் லாபம் உண்டு.

இதில் ஒரு பொறியும் ஒளிந்திருக்கிறது. நம் கணக்கில் இரண்டாம் பெட்டியை விட்டு முதல் பெட்டியைப் பாருங்கள். லீயின் பிழை அங்கே h = 0.1-இல் −0.00036, h = 0.05-இல் −0.00009. நான்கில் ஒன்று! லீ இரண்டாம் வரிசை முறை என்று சத்தியம் செய்யத் தோன்றும். காரணம், இங்கே A, B இரண்டும் சமச்சீர் அணிகள். கம்யூட்டேட்டரின் மூலைவிட்டம் பூஜ்யம். (1, 0)-இல் தொடங்கினால் முதல் வரிசைப் பிழை முழுக்க இரண்டாம் பெட்டியில் போய்ச் சேர்கிறது. பெரிய நிரல்களிலும் இப்படி நடக்கும். ஒரே ஓர் உணர்புள்ளியின் மதிப்பையோ முகப்பின் வேகத்தையோ வைத்து வரிசையை அளந்தால், தவறான முறைக்கு நல்ல சான்றிதழ் கிடைக்கும். முழு விடையின் பிழையையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் நெறிமத்தை வைத்தே அளக்க வேண்டும்.

ஸ்ட்ராங் போட்டும் முதல் வரிசையே வந்தால்

h, h/2, h/4 என மூன்று முறை ஓட்டி, அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசங்களை வகுத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. இட வலை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு பிழைகள் கலந்துவிடும். வகுத்தால் 4 வர வேண்டும். 2 வந்தால் சந்தேகப்பட வேண்டியவை இவை.

முதலில் துணைத்தீர்வுகள். பரவலைப் பின்னோக்கு ஆய்லரில் தீர்த்தால் அதன் முதல் வரிசைப் பிழையே விடையை ஆளும். ஸ்ட்ராங் அதைக் காப்பாற்றாது. கிராங்க்–நிக்கல்சன் இரண்டாம் வரிசைதான், ஆனால் கூர்மையான தொடக்க மதிப்புக்கு அது பல்பல்லாக அலையும் விடை தரும். மிக வேகமாகத் தேய வேண்டிய அலைக்கூறுகளை அது −1-க்கு அருகிலான எண்ணால் பெருக்கி, படிக்குப் படி குறி மாற்றுகிறது. அதன் பின் வரும் வினைப்படிக்கு எதிர்மறைச் செறிவு போய்ச் சேர்ந்தால் கதை கெட்டது. தொடக்கத்தில் சில பின்னோக்கு ஆய்லர் படிகளைப் போடுவது எளிய மருந்து.

அடுத்தது எல்லை. இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. எல்லையில் u = b என்று மதிப்பைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வினைப்படிக்கு எல்லை நிபந்தனை எதுவும் தெரியாது. எல்லைப் புள்ளியிலும் அதையொட்டியும் செறிவை b-யிலிருந்து நகர்த்திவிடும். அடுத்த பரவல்படி தொடங்கும்போது எல்லையில் b, அதற்கு ஒட்டினாற்போல் வேறு மதிப்பு என ஒரு தாவல். அந்தத் தாவலை ஆற்றுவதில் ஒரு மெல்லிய அடுக்கு முழுக்கப் பிழை உண்டாகிறது. மிகப் பெரிய பிழையை மட்டும் எடுக்கும் உச்ச நெறிமத்தில் ஸ்ட்ராங்கின் வரிசை 1-க்கு அருகே சரிந்துவிடுகிறது. பிழையை இடவாரியாக வரைந்தால் உடனே தெரியும்: நடுப்பகுதி சுத்தம், ஓரம் மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

இதற்கு ஐன்கெம்மரும் ஓஸ்டர்மானும் 2015-இல் தந்த தீர்வு எளியது. எல்லையில் f(b)-க்குச் சமமாக இருக்கும் மென்மையான ஒரு சார்பு q-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பரிமாணத்தில் இரு முனை மதிப்புகளை இணைக்கும் நேர்கோடே போதும். பரவல்படியில் v_t = D v_xx + q; வினைப்படியில் w_t = f(w) − q. மொத்தம் மாறவில்லை, ஆனால் வினை இப்போது எல்லையில் பூஜ்யம், செறிவை நகர்த்தாது. இரண்டாம் வரிசை திரும்பி வந்துவிடும். b காலத்தோடு மாறுவதாக இருந்தால் q-வையும் படிக்குப் படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, விறைப்பான வினை. சில வினைகள் h-ஐவிட ஆயிரம் மடங்கு குறைந்த நேரத்தில் சமநிலையை எட்டிவிடும். அப்போது rh சிறிது என்ற அடிப்படையே இல்லை. h³ உறுப்பின் கெழு அவ்வளவு பெரிது, வரிசை என்ற பேச்சுக்கே பொருளில்லை. இங்கே எதில் முடிக்கிறோம் என்பது முக்கியம். பரவல்–வினை–பரவல் என்று போட்டால் கடைசிப் பரவல் கலவையைச் சமநிலையிலிருந்து தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிடும். வினை–பரவல்–வினை என்று போட்டால் கடைசி வினை அதைச் சமநிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். விறைப்பான பகுதியை எப்போதும் கடைசியில் வைக்க வேண்டும். இந்த அமைப்பில் இன்னொரு வசதி: ஒரு படிக்குப் பெரிய நேரியல் தீர்வு ஒன்றே ஒன்றுதான், இரண்டு தடவை ஓடும் வினையோ புள்ளிக்குப் புள்ளி தனி என்பதால் பல செயலிக் கருக்களில் எளிதாகப் பங்கிடலாம். எதை நடுவில் வைப்பது என்று தெரியாவிட்டால், பரவலை நடுவில் வையுங்கள்.

நிலைநிலை வேண்டுமா? அப்படியானால் பிரிக்காதீர்கள்

காலத்தைப் போதுமான அளவு ஓட்டினால் பிழை மங்கிவிடும் என்ற எண்ணம் பிரிப்பில் செல்லாது. அதே இரண்டு பெட்டிகளில், இரண்டாவதற்கு வெளியிலிருந்து வீதம் 1-இல் பொருள் வந்துகொண்டிருப்பதாக வைப்போம்; அதை வினைப்படியோடு சேர்ப்போம். சரியான நிலைநிலை: முதல் பெட்டியில் 1, இரண்டாவதில் 2. h = 0.1-இல் லீ போய் நிற்பது 0.951, 2.054. பத்தாயிரம் படி ஓட்டினாலும் அங்கேயேதான் நிற்கும். முதல் பெட்டியில் ஐந்து சதவீதம் குறைவு. ஸ்ட்ராங் 1.0033, 2.0017-இல் நிற்கும். மிகவும் மேல், ஆனாலும் நிலைநிலையே h-ஐப் பொறுத்து மாறுகிறது. பரவலும் வினையும் ஒன்றையொன்று ஈடுகட்டி நிற்பதுதான் நிலைநிலை. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்டினால் விடை ஒவ்வொரு படியிலும் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருகிறது. சராசரியாகக்கூடச் சரியான இடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இதற்குப் பிரிக்காத வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பரவலை உட்கிடையாகவும் வினையை வெளிப்படையாகவும் ஒரே சூத்திரத்தில் எடுப்பது:

```
(3u[n+1] - 4u[n] + u[n-1]) / (2h) = A u[n+1] + 2 f(u[n]) - f(u[n-1])
```

இரண்டாம் வரிசை; படிக்கு ஒரு நேரியல் தீர்வு; u மாறாமல் நின்றால் A u + f(u) = 0 என்பது h-இன் தலையீடு இல்லாமல் அப்படியே நிறைவேறும். எல்லைத் தாவலும் இல்லை. குறை என்னவென்றால் வினை வெளிப்படையாக இருப்பதால் அது விறைப்பாக இருந்தால் வெடித்துவிடும். முதல் படியைத் தொடங்க வேறொரு முறையும் தேவை. மெதுவான வினை, நிலைநிலைத் தேடல் என்றால் இதுவே என் முதல் தேர்வு. விறைப்பான வேதியியல், வினைக்கென்று தனியாக எழுதப்பட்ட தீர்வி ஏற்கெனவே இருக்கிறது என்றால் வினை–பரவல்–வினை என்ற ஸ்ட்ராங். லீயை வைத்துக்கொள்ள நியாயமான காரணங்கள் சிலவே: துணைத்தீர்வுகள் எப்படியும் முதல் வரிசை என்பது, ஒவ்வொரு படியிலும் h மாறி ஒவ்வொரு படியிலும் விடையை எழுத வேண்டியிருப்பது, அல்லது முகப்பு வேகம் மட்டுமே தேவை என்பது.

ஸ்ட்ராங்குக்கு மேலே போகலாமா? போகலாம், ஆனால் நினைப்பது போல் அல்ல. துணைப்படிகளைப் பல துண்டாக்கி அடுக்கினால் மூன்றாம், நான்காம் வரிசை கிடைக்கும். ஆனால் அவற்றில் ஏதாவது ஒரு துண்டின் நீளம் எதிர்மறையாகத்தான் இருக்கும் என்று 1989-இல் ஷெங் நிறுவினார்; பரவல் துண்டு ஒன்றாவது அப்படி இருந்தே தீரும் என்று 1996-இல் கோல்ட்மனும் கேப்பரும் காட்டினார்கள். பரவலைப் பின்னோக்கி ஓட்டுவது, பாலில் கலந்த டிகாஷனைப் பிரித்தெடுப்பது போன்றது. மிகச் சிறிய அலைக்கூறுகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். h-உடன் ஒருமுறை, h/2-உடன் இரண்டு படி என ஸ்ட்ராங்கை ஓட்டி (4·u_(h/2) − u_h)/3 என்று சேர்த்தால், சமச்சீரால் நான்காம் வரிசை கிடைக்கும். விலை மூன்று மடங்கு. ஆனால் அந்தக் கழித்தலால் செறிவு எதிர்மறையாகப் போகக்கூடும், எல்லையில் சரிந்த வரிசையும் இதனால் மீளாது. ஆக q திருத்தத்தை முதலில் போட்டு, வகுத்தால் 4 வருகிறது என்று உறுதிசெய்த பிறகே இந்தச் சேர்ப்பைத் தொட வேண்டும்.